சைன் பாரை மாற்றுவதற்கு முன் பிசிரைத் தேடுங்கள்

கேள்வி: புதிதாக 100 மி.மீ. சைன் பாரும் 87 துண்டுகள் கொண்ட ஸ்லிப் கேஜ் பெட்டியும் வாங்கினேன். 22°30′ சாய்வு தேவைப்படும் பாகத்துக்காக 38.268 மி.மீ. உயரம் வைத்து, மேக்னடிக் சக்கின் மேலேயே சைன் பாரை நிறுத்தி, பாகத்தைக் கிளாம்ப் போட்டு கிரைண்டிங் செய்தேன். வாடிக்கையாளர் அளந்து 22°28′ தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். சைன் பார் தரமில்லாததா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா, அல்லது 200 மி.மீ. பார் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம். உங்கள் கணக்கு சரியாக இருக்கிறது. 22.5 டிகிரியின் சைன் மதிப்பு 0.38268, அதை 100-ஆல் பெருக்கினால் 38.268. முப்பது நிமிடத்தை 22.30 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுவது பலருக்கும் நேரும் தவறு. ஆனால் அப்படி நடந்திருந்தால் பிழை 12 நிமிடமாக இருந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பது 2 நிமிடம்.

அந்த 2 நிமிடத்தை முதலில் மில்லிமீட்டராக மாற்றிப் பார்ப்போம். இந்தச் சாய்வில் 100 மி.மீ. பாரின் உயரம் ஒரு மைக்ரான் மாறினால் கோணம் சுமார் 2.2 விநாடி மாறும். எனவே 120 விநாடிக்கு 0.054 மி.மீ. உயரப் பிழை வேண்டும். நல்ல ஸ்லிப் கேஜ் அடுக்கில் இவ்வளவு பிழை வராது. துண்டுகளைச் சரியாக ஒட்டாமல் அடுக்கினாலும் சில மைக்ரான் தான் கூடும். ரோலர்களின் மைய தூரத்தில் பிழை என்று வைத்துக்கொண்டால், 100 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 100.14 இருந்திருக்க வேண்டும். சைன் பார் என்று விற்கப்படும் கருவியில் அது மிகப் பெரிய குறை.

ஆனாலும் சந்தேகத்தோடு வேலை செய்ய வேண்டாம். உங்களிடம் உள்ள கருவிகளாலேயே பாரைச் சோதித்துவிடலாம். இரண்டு ரோலர்களின் வெளிப்பக்கத்தையும் சேர்த்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். ரோலரின் விட்டம் 20 மி.மீ. என்றால் 120.000 வர வேண்டும். மைக்ரோமீட்டரையே நம்பாமல், அதே 120-க்கு ஸ்லிப் கேஜ் அடுக்கி முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு பாரை ஸ்லிப் எதுவுமின்றி சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, டயல் இண்டிகேட்டரை அதன் மேற்பரப்பில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டுங்கள். முள் சில மைக்ரானுக்கு மேல் அசையக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றில் பார் தோற்றால் மட்டும் கடைக்குப் போங்கள். எழுதிக்கொண்ட அளவுகளோடு போனால் பேச்சு சுலபமாக முடியும்.

பார் சரியாக இருந்தால் என் சந்தேகம் பாகத்தின் அடியில்தான். உங்கள் பாகம் பாரின் மேல் 60 மி.மீ. நீளத்துக்கு அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தாழ்ந்த முனைக்கு அடியில் 0.035 மி.மீ. தடிமனுள்ள ஒரு பிசிர் இருந்தாலே கோணம் 2 நிமிடம் குறைந்துவிடும். எழுதும் தாளின் தடிமனில் அது பாதிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. முந்தைய மில்லிங் வேலையில் விளிம்பில் எழுந்த பிசிர் கிளாம்ப் இறுகும்போதும் அப்படியே நின்று பாகத்தைத் தூக்கிப் பிடிக்கும். எனக்கும் ஒரு முறை ஒரு தொகுதி முழுவதும் இப்படிக் கெட்டது. அன்று நானும் முதலில் கருவியைத்தான் குறை சொன்னேன். இப்போது ஆயில் ஸ்டோனை விளிம்புகளில் மெதுவாக ஓட்டி, துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் பாரில் வைப்பதில்லை.

தாழ்ந்த ரோலருக்கு அடியில் தூள் இருந்தாலும் இதே விளைவுதான், அதற்கு 0.054 மி.மீ. தேவை. மேக்னடிக் சக்கின் மேல் நேரடியாக வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. காந்தத்தை இயக்கியதும் கிரைண்டிங் தூள் ரோலர்களிலும் ஸ்லிப் கேஜிலும் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் ஸ்லிப்களில் காந்தத்தன்மை மிஞ்சும், அடுத்த முறையும் அவை தூளை இழுத்துக்கொள்ளும். சைன் பார் அளப்பதற்கும் கோணம் வைப்பதற்கும் உள்ள கருவி. அரைக்கும் விசையையும் கிளாம்பின் இறுக்கத்தையும் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை.

இன்னொரு சாத்தியத்தையும் விலக்கிவிட வேண்டும். பாகம் பாரின் மேல் கோணலாகத் திரும்பி இருந்தால், அதன் விளிம்பை ஒட்டி அளக்கும்போது கோணம் குறைவாகக் காட்டும். ஆனால் 2 நிமிடம் குறைய அது 3 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்க வேண்டும். டயலைக் குறுக்காக ஓட்டினால் இது உடனே பிடிபடும்: ஒரு டிகிரி திரும்பியிருந்தாலே 20 மி.மீ. அகலத்தில் முள் 0.14 மி.மீ. நகரும். நீளவாக்கில் மட்டும் டயல் ஓட்டுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இனி, திருப்பி வந்த பாகத்தையே சாட்சியாக வையுங்கள். எல்லாவற்றையும் துடைத்து, சர்ஃபேஸ் பிளேட்டில் பாரை மீண்டும் 38.268-க்கு நிறுத்துங்கள். 30, 6, 1.26, 1.008 ஆகிய நான்கு துண்டுகள் போதும். பிசிர் நீக்கிய பாகத்தை, அரைக்கும்போது வைத்த அதே திசையில் வைத்து, அரைத்த முகத்தில் டயலை 50 மி.மீ. ஓட்டுங்கள். வாடிக்கையாளர் சொன்னது உண்மையானால், ஸ்லிப் அடுக்கின் பக்கம் போகப் போக முள் சுமார் 0.029 மி.மீ. ஏறும். அப்போது 1.26-ஐயும் 1.008-ஐயும் எடுத்துவிட்டு 1.21-ஐயும் 1.005-ஐயும் வையுங்கள்; உயரம் 38.215 ஆகும். அது 22°28′-க்கான உயரம். இப்போது முள் அசையாமல் நின்றால், பிழை அரைக்கும்போது வந்தது, பார் குற்றமற்றது. மாறாக 38.268-லேயே முள் நின்றுவிட்டால், உங்கள் பாகம் சரி. அவர் எந்த முகத்தை அடிப்படையாக வைத்து அளந்தார் என்று கேட்க வேண்டியது நீங்கள்தான்.

200 மி.மீ. பார் பற்றி: அதே 0.054 மி.மீ. தூள் ரோலருக்கு அடியில் இருந்தால் பிழை பாதியாகும், அவ்வளவுதான். பாகத்துக்கு அடியில் உள்ள பிசிரை அது எதுவும் செய்யாது. உங்கள் பாகம் 100 மி.மீ. பாரில் முழுதாக அமரவில்லை என்றால் பெரியதை வாங்குங்கள். கோணம் 45 டிகிரியைத் தாண்டும் வேலைகள் வந்தால் பாரின் நீளத்தை நம்பாமல், முடிந்தவரை பாகத்தைத் திருப்பி மீதிக் கோணத்தை வையுங்கள். 60 டிகிரியில் 100 மி.மீ. பாருக்கு ஒரு மைக்ரானுக்கே 4 விநாடி பிழை வருகிறது.

பணம் செலவழிப்பதானால், இதே கோணத்தில் தொடர்ந்து அரைக்கப்போகிறீர்கள் என்றால், சைன் வைஸ் அல்லது காந்தத் தளமுள்ள சைன் டேபிள் வாங்குங்கள். வாங்கும்போது ரோலர் மைய தூரம் எவ்வளவு, ஸ்லிப் அடுக்கு அமரும் தளம் கடினப்படுத்தி அரைக்கப்பட்டதா, உயரம் வைத்த பின் பூட்டும் திருகு இறுக்கும்போது தட்டு நகர்கிறதா என்று பாருங்கள். கடைசியானதைக் கடையிலேயே டயல் வைத்து இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.