வீட்டுக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் மூன்றிலும் சோப்பு நுரையை ஒப்பிடும் செயல்திட்டம் என் மகளுக்கு. எல்லாவற்றிலும் ஒரே அளவு நுரை வருகிறது. எங்கே தவறு?

உங்கள் மகள் பயன்படுத்துவது கைகழுவும் திரவமாகவோ பாத்திரம் துலக்கும் திரவமாகவோ இருக்கும். ஊற்றுவதற்கு வசதி என்று பெரும்பாலோர் அதைத்தான் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் டிடர்ஜென்ட். சோப்பு என்பது சோடியம் ஸ்டியரேட் போன்ற கொழுப்பு அமில உப்பு. தண்ணீரில் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் அதனுடன் சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். அவை தீரும் வரை நிலையான நுரை எழும்பாது. டிடர்ஜென்ட் அப்படிப் படிவதில்லை. அதனால்தான் அதற்குக் கடின நீரும் மென்னீரும் ஏறக்குறைய ஒன்று.

சாதாரண குளியல் சோப்பைச் சீவி, ஒரு கிராம் எடுத்து, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் இளஞ்சூட்டில் கரையுங்கள். உறையில் 'டாய்லெட் சோப்' என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 'பேதிங் பார்' என்றால் டிடர்ஜென்ட் கலந்திருக்கலாம். ஒவ்வொரு தண்ணீரிலும் 10 மில்லி எடுத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். இரண்டு நிமிடம் அடங்காமல் நிற்கும் நுரை வந்ததும் நிறுத்திவிடலாம். நுரையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். எவ்வளவு கரைசல் செலவானது என்பதே கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் அபர்தீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் கொண்டுவந்த சோதனையின் எளிய வடிவம்தான் இது. இடிடிஏ தரம்பார்த்தல்தான் சரியான முறை என்று யாராவது கிளம்புவார்கள். எனக்கும் தெரியும், வேதியியல் ஆசிரியர்தான். அதற்கு வேண்டிய நிறங்காட்டியும் தாங்கல் கரைசலும் எத்தனை வீடுகளில் இருக்கின்றன?

உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம், எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி இதையே கண்காட்சிக்குச் செய்து பட்ட பாடு. எங்களுடையது கடலோர ஊர். மழைநீருக்கு 0.3 மில்லி சோப்புக் கரைசல் போதுமாக இருந்தது. குழாய்த் தண்ணீருக்கு 1.0, வீட்டுப் போர் தண்ணீருக்கு 3.6. கடினத்தன்மையே இல்லாத நீருக்கும் நுரைக்க 0.3 தேவைப்படுகிறது என்பதால் அதைக் கழித்தால் 0.7, 3.3, அதாவது போர் தண்ணீர் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கடினம். அதே போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்டி, ஆவியாகிப்போன அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து ஈடுகட்டிச் சோதித்தாள். இந்த ஈடுகட்டலை விட்டால் மீதி நீர் செறிவாகி முடிவு கெட்டுவிடும். 3.1 வந்தது.

நடுவர் அட்டவணையைப் பார்த்ததும், "கொதிக்க வைத்தால் கடினத்தன்மை போய்விட வேண்டுமே, தப்பாகச் செய்திருக்கிறாயே" என்றார். கொதிக்க வைத்தால் போவது பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும்தான். கால்சியம், மக்னீசியத்தின் குளோரைடும் சல்பேட்டும் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அசையாது. எங்கள் ஊர் நீரில் அவைதான் மிகுதி. 3.3-இல் 0.5 மட்டும் குறைந்தது என்பதே அவள் கண்டுபிடித்த செய்தி. பரிசு வழக்கம்போல் சிவப்புத் தண்ணீர் பொங்கும் எரிமலைக்குப் போனது.

அதே நடுவர் பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்து, "இதை முக்கினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்" என்றும் சொன்னார். அந்தக் கருவி காட்டுவது மின்கடத்துதிறனிலிருந்து கணக்கிட்ட மொத்த உப்பை. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. அரை லிட்டர் மழைநீரில் அரை கிராம் தூள் உப்பைக் கரைத்துப் பாருங்கள். மீட்டர் ஆயிரத்தை ஒட்டி எகிறும். சோப்போ மழைநீரில் நுரைத்தது போலவே நுரைக்கும், ஏனென்றால் சோடியம் சோப்பைப் படிய வைப்பதில்லை. கல் உப்பு வேண்டாம், அதில் மக்னீசியம் ஒட்டிக்கொண்டிருக்கும். கரித்தால் கடின நீர் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சோதனைக்குழாயே பதில். உங்கள் மகளின் அட்டவணையில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

சோதனைக்குழாய்களைக் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். போர் தண்ணீரில் அலசிய குழாயில் தங்கும் சில துளிகளே மழைநீரின் கணக்கைக் குழப்பிவிடும். எங்கள் ஆய்வகத்தில் உதவியாளர் பணியிடம் பல ஆண்டுகளாகக் காலி. குழாய் கழுவுவதும் நான், அமில பாட்டில் தூக்குவதும் நான், மாலையில் அந்தக் கணக்கு இந்தக் கணக்கு என்று படிவம் நிரப்புவதும் நான். செய்முறைத் தேர்வு மதிப்பெண் குறைந்தால் மட்டும் ஆசிரியர் சரியில்லை. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். வேறு எங்கே சொல்வது?

கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ செய்தது. மழைநீரை ஒட்டித்தான் வரும். குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவாக வந்தால் பதற வேண்டாம், உங்கள் குழாயில் வருவது ஆற்று நீராக இருக்கலாம். எண்ணை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள்.