கேண்டில் டேட்டாவை எந்த வரிசையில் சுத்தம் செய்வது?

கேள்வி: என்எஸ்இ பங்குகளின் 5 நிமிட கேண்டில் டேட்டாவை மூன்று இடங்களில் இருந்து சிஎஸ்வியாக எடுத்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில நாள் பார் குறைகிறது, சில வரி இரண்டு முறை வருகிறது, ஒரு ஃபைலில் மார்க்கெட் 3:45-க்கு ஆரம்பிக்கிறது. பேக்டெஸ்ட் போடும் முன் இதை எப்படிச் சரி செய்வது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றையும் தலைகீழ் வரிசையில் செய்யுங்கள். முதலில் நேரம், அப்புறம் இரட்டை வரிகள், கடைசியில் விடுபட்ட பார்கள். ஒரே பார் ஒரு ஃபைலில் 03:45 என்றும் இன்னொன்றில் 09:15 என்றும் இருக்கும்போது `drop_duplicates` போட்டால் இரண்டும் வேறு வேறு வரி என்று நினைத்து விட்டுவிடும். விடுபட்டதை முதலில் தேடினாலோ, இல்லாத ஓட்டைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஃபைல்களைச் சேர்க்கும் முன்பே, ஒவ்வொன்றிலும் நாளின் முதல் பார் எத்தனை மணிக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். `time` நெடுவரிசையை `pd.to_datetime` மூலம் மாற்றிய பிறகு இது போதும்:

```python
first = df.groupby(df["time"].dt.date)["time"].min()
print(first.dt.time.value_counts())
```

இந்த ஒரு எண்ணிக்கையே பெரும்பாலான கதையைச் சொல்லிவிடும். 09:15 என்றால் சரி. 03:45 என்றால் யூடிசி நேரம், இன்னும் மாற்றவில்லை. 14:45 என்றால் ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருந்ததை யூடிசி என்று நினைத்து யாரோ மறுபடி ஐந்தரை மணி நேரம் கூட்டியிருக்கிறார்கள். பாண்டாஸில் `utc=True` போட்டால் மண்டலக் குறிப்பு இல்லாத நேரத்தை யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் `+00:00` போன்ற குறிப்பு உள்ள ஃபைலுக்கு `.dt.tz_convert("Asia/Kolkata")`, எந்தக் குறிப்பும் இல்லாமல் இந்திய நேரத்திலேயே உள்ள ஃபைலுக்கு `.dt.tz_localize("Asia/Kolkata")` என்று பிரித்துச் செய்ய வேண்டும்.

முதல் பார் சில மாதங்களில் ஒரு நேரத்திலும் மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் தள்ளியும் வந்தால், அந்த ஃபைல் கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாட்டின் சர்வர் நேரத்தில் இருக்கிறது. நமக்கு அந்த வழக்கம் கிடையாது. நியூயார்க் நேரத்தில் எழுதப்பட்ட டேட்டாவில் நம் திங்கட்கிழமைக் காலை ஞாயிறு இரவாகத் தெரியும். இதற்கு நிலையான எண்ணைக் கூட்டிக் கழிக்காதீர்கள். `.dt.tz_localize("America/New_York")` கொடுத்துவிட்டு மாற்றினால் மாதக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

09:20 என்று வந்தால் அவசரப்பட்டு முதல் பார் காணவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சிலர் பார் தொடங்கும் நேரத்தை எழுதுவார்கள், சிலர் முடியும் நேரத்தை. கடைசி பார் 15:25-க்குப் பதிலாக 15:30 என்று இருந்தால் இது முடியும் நேரம்தான், எல்லாவற்றிலும் 5 நிமிடம் கழித்துவிடலாம். என் அனுபவத்தில் மண்டலத் தவறைவிட இதுதான் மோசம். 3:45 கண்ணை உறுத்தும், இது உறுத்தாது. இந்த இரண்டு வகை ஃபைலையும் நேரத்தை வைத்து இணைத்தால், ஒரு பங்கின் தகவல் இன்னொன்றைவிட 5 நிமிடம் முந்தி வந்துவிடும். பேக்டெஸ்ட் பிரமாதமாக லாபம் காட்டும், காரணம் புரியாது.

நேரம் ஒன்றானதும் அடுத்து இரட்டை வரிகள். எல்லா நெடுவரிசையும் ஒன்றாக இருப்பவற்றை யோசிக்காமல் நீக்கலாம். துண்டு துண்டாக டவுன்லோட் செய்யும்போது முந்திய துண்டின் கடைசி நாளும் அடுத்ததின் முதல் நாளும் ஒன்றாகிப் போவதால் வருபவை அவை. நேரம் ஒன்று, விலை வேறு என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்:

```python
bad = df[df.duplicated(["symbol", "time"], keep=False)]
```

ஒரு உதாரணம். 11:32-க்கு எடுத்த ஃபைலில் 11:30 பாரின் தொடக்கம் 1642, உச்சம் 1643.5, வால்யூம் 8,210. மறுநாள் எடுத்ததில் அதே பாருக்குத் தொடக்கம் 1642, உச்சம் 1646, வால்யூம் 31,450. முதலாவது பாதியில் பிடிக்கப்பட்ட பார். தொடக்க விலை ஒன்றாக இருந்து, ஒன்றின் உச்சமும் தாழ்வும் மற்றொன்றுக்குள் அடங்கினால், வால்யூம் அதிகமுள்ளதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நிபந்தனைகளைப் பார்க்காமல், வால்யூம் அதிகமுள்ளதை வை என்ற விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடக்கூடாது. ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று 1:1 போனஸுக்குப் பிறகான விலைக்கு வந்தது. அதற்கு முன் எடுத்த ஃபைலையும் பின் எடுத்ததையும் சேர்த்தால், ஒரே நேரத்துக்கு ஒரு விலை மற்றதைப் போல இரு மடங்காக இருக்கலாம். சரிசெய்யப்பட்ட டேட்டாவில் வால்யூமும் இரட்டிப்பாகியிருந்தால் விதி அந்த வரிகளில் மட்டும் புதிய விலையை எடுக்கும், சுற்றியுள்ள பழைய வரிகள் அப்படியே கிடக்கும். `bad`-இல் விலை விகிதம் 2, 5, 10 என்று முழு எண்ணாக வந்தால், அந்தப் பங்கின் வரலாறு முழுவதையும் ஒரே மூலத்தில் இருந்து புதிதாக எடுப்பதுதான் வழி.

இனி விடுபட்டவை. 9:15 முதல் 15:30 வரை 375 நிமிடம், அதாவது ஒரு நாளைக்கு 75 பார். 75 வராத நாட்களைப் பட்டியல் போடுங்கள். எல்லாப் பங்குகளிலும் ஒரே நாளில் குறைந்தால் சந்தையே அப்படித்தான் நடந்ததா என்று முதலில் பாருங்கள். தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தின் ஒரு மணி நேரத்துக்கு 12 பார்தான். 2024 மார்ச் 2 சனிக்கிழமை இரண்டு குட்டி அமர்வுகள், மொத்தம் 21. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இயில் தொழில்நுட்பக் கோளாறால் 11:40 வாக்கில் வர்த்தகம் நின்று, 15:45-க்குத் தொடங்கி 17:00 வரை நடந்தது. ஏறக்குறைய 44 பார், அதில் 15 பார் 15:30-க்கு அப்பால். 15:30-க்குப் பிறகு வருவதையெல்லாம் வெட்டும் ஃபில்டர் வைத்திருந்தால் அன்றைய மாலை முழுதும் போய்விடும். ஆறு மணிக்கு நடந்த முகூர்த்தமும்தான். இந்த நாட்களைச் சோதனையிலிருந்து ஒதுக்குவது என் வழக்கம். 15:15-க்கு வெளியேறும் உத்திக்கு அன்று அர்த்தமே இல்லை.

ஒரே பங்கில் மட்டும் பார் இல்லையென்றால் இரண்டு சாத்தியம்: அந்த 5 நிமிடத்தில் வர்த்தகமே நடக்கவில்லை, அல்லது டேட்டா தொலைந்தது. அன்றைய பார்களின் வால்யூமைக் கூட்டி என்எஸ்இ பவ்காப்பியில் உள்ள மொத்த அளவோடு ஒப்பிடுங்கள். காலை ப்ரீ-ஓப்பன், மாலை க்ளோஸிங் அமர்வு இரண்டும் பவ்காப்பிக் கணக்கில் சேர்வதால் அச்சாகப் பொருந்தாது. எனவே பார் குறையாத நாட்களில் வழக்கமாக எவ்வளவு இடைவெளி வருகிறது என்பதை அளவுகோலாக வையுங்கள். அதே அளவு என்றால் வர்த்தகம் நடக்கவில்லை. சட்டென்று அதிகம் என்றால் பார் தொலைந்திருக்கிறது, அந்த நாளை மட்டும் மறுபடி எடுங்கள். க்ளோஸ் விலையை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன 2021, 2024 ஆண்டுகளின் டேட்டாவில் என்எஸ்இயின் அதிகாரபூர்வ க்ளோஸ் கடைசி அரை மணி நேரத்தின் சராசரி, 15:25 பாரின் கடைசி விலை அல்ல.

வர்த்தகம் நடக்காத பாரின் எல்லா விலைகளையும் `ffill` செய்த முந்தைய க்ளோஸ் கொண்டு நிரப்புவதை நான் செய்வதில்லை. உச்சமும் தாழ்வும் ஒன்றான தட்டைப் பார்கள் வந்து ஏடிஆரைக் குறைக்கும். யாருமே வாங்கி விற்காத விலையில் பேக்டெஸ்ட் வாங்கி விற்கும். வரிகளை வரிசையாக வைத்தே ஆக வேண்டுமென்றால் வால்யூம் 0 என்று போட்டு, தனி நெடுவரிசையில் குறித்து, அந்த வரியில் ஆர்டர் போகாதபடி செய்யுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெரிய கேண்டிலாக மாற்ற வேண்டும். 15 நிமிடமாக மாற்றிவிட்டால், மூன்றில் இரண்டு பார் மட்டும் இருந்தாலும் கேண்டில் முழுசாகவே தெரியும், ஓட்டை மறைந்துவிடும். ஒரு மணி நேரக் கேண்டில் என்றால் `resample("60min")` 9:00-இல் இருந்து எண்ணி, முதல் கேண்டிலில் 45 நிமிடத்தையே வைக்கும். யூடிசியிலேயே விட்டிருந்தால் 15 நிமிடம்தான். 9:15-இல் தொடங்க `offset="15min"` சேர்க்க வேண்டும். அப்போதும் 15:15 கேண்டில் கால் மணி நேரமே இருக்கும்.