தக்காளி விலை ஏன் ஊஞ்சல் ஆடுகிறது?

"தக்காளி ஒரு சமயம் கிலோ 100 ரூபாய்க்கு மேல் போகிறது, சில மாதத்தில் ரோட்டில் கொட்டுகிறார்கள். இடைத்தரகர்கள் செய்கிற வேலையா, வேறு காரணம் உண்டா?"

இடைத்தரகர் யாருமே இல்லாத சந்தையிலும் இந்த ஆட்டம் நடக்கும். நடவு செய்யும் நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அடிப்படைக் காரணம்.

குழித்தட்டில் நாற்று வளர சுமார் 25 நாள். வயலில் நட்டபின் முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். ஆக, இன்றைய விலையைப் பார்த்து முடிவெடுப்பவரின் காய் மூன்று மாதம் கழித்துத்தான் சந்தைக்கு வருகிறது. வந்த பிறகு அதைத் தேக்கிவைக்க முடியாது, அன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குகிற பக்கமோ அசைந்து கொடுக்காது. விலை பாதியாகிவிட்டது என்று யாரும் ரசத்தில் இரண்டு மடங்கு தக்காளி போடுவதில்லை. அதனால் வரத்து கொஞ்சம் கூடினாலே விலை மளமளவென்று சரிகிறது.

ஒரு கற்பனைச் சந்தையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். Q என்பது அன்றாட வரத்து, டன்னில். P என்பது கிலோ விலை, ரூபாயில்.

```
P = 120 - Q
Q = 84 + 0.8 × (முந்தைய P)
```

முதல் வரி வாங்குபவர்களுடையது, இரண்டாவது விவசாயிகளுடையது. 100 டன் வந்தால் விலை 20 ரூபாய். அந்த 20 ரூபாயைப் பார்த்து நட்டால் மறுபடியும் 100 டன்தான் வரும், எல்லாம் அமைதியாக ஓடும். ஒரு மழையில் செடி அழுகி வரத்து 80 டன்னாகக் குறைகிறது என்று வையுங்கள். விலை 40 ஆகிறது. அதைப் பார்த்து எல்லோரும் நடுகிறார்கள், அடுத்த முறை 116 டன் வருகிறது, விலை 4 ரூபாய். நொந்துபோய்ப் பலர் விட்டுவிட, அதற்கடுத்து சுமார் 87 டன், விலை 33. பிறகு 110 டன், விலை 10. மழை பெய்தது ஒரே ஒரு தடவை, அதன் அலை மட்டும் நான்காவது போகத்திலும் அடிக்கிறது.

இதை வரைபடத்தில் போட்டால், விலையிலிருந்து படுக்கைக்கோடாக அளிப்புக் கோட்டுக்கும், அங்கிருந்து செங்குத்தாகத் தேவைக் கோட்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருக்கும். கோடுகள் சதுரச் சுருளாகப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் சிலந்தி வலை மாதிரி என்று பெயர். பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1934-இல் வைத்த பெயர் அது. அதற்கு முன்பே, 1920-களில், ஜெர்மனியில் ஆர்தர் ஹானாவ் பன்றி விலையில் இதே சுழற்சியைக் கண்டு எழுதியிருந்தார்.

கணக்கில் உள்ள 0.8-தான் உயிர்நாடி. விலை ஒரு ரூபாய் ஏறினால் விவசாயிகள் எத்தனை டன் கூட்டுகிறார்கள் என்பது அது. வாங்குபவர்கள் பக்கம் அந்த எண் 1. விவசாயிகளின் எண் சிறியதாக இருக்கும்வரை ஆட்டம் மெல்ல அடங்கும். அதையே 1.2 என்று மாற்றி, பழைய 20 ரூபாய் அமைதி நிலை மாறாதிருக்க 84-ஐ 76 ஆக்கி, விலை 25-இல் தொடங்கிப் பாருங்கள்: 25, 14, 27, 11 என்று ஒவ்வொரு முறையும் வீச்சு பெரிதாகும்.

நிஜத்தில் விலை 4 ரூபாய்க்கு வந்தால் பலர் பறிக்கவே மாட்டார்கள். பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வண்டிச் சத்தம், கமிஷன் எல்லாம் போகக் கையில் எதுவும் மிஞ்சாது என்றால் காயைச் செடியிலேயே விடுவதுதான் கணக்கு. சந்தைவரை கொண்டுவந்தவர் திரும்ப ஏற்றிப்போகக் கட்டாமல் வழியில் கொட்டுகிறார். 2023 ஜூலை, ஆகஸ்டில் இந்திய நகரங்கள் சிலவற்றில் சில்லறை விலை 200 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பருக்குள் விலை விழுந்து, பல இடங்களில் காயைக் கொட்டினார்கள். தொடக்கத்தில் மழையும் நோயும் இருந்தன, பின்னால் வந்த சரிவில் அந்த உயர்ந்த விலையை நம்பி நட்டதற்குப் பெரும் பங்கு உண்டு.

மாதிரியின் பலவீனம், "இன்றைய விலையே அறுவடையிலும் இருக்கும்" என்று விவசாயி நம்புவதாக எடுத்துக்கொள்வது. அனுபவசாலிகள் அப்படி நம்புவதில்லை. மேலே உள்ள சந்தையில் 40 ரூபாயைப் பார்த்தவர்கள், வழக்கமான 20-ஐயும் சேர்த்துச் சராசரியாக 30 கிடைக்கும் என்று நினைத்து நட்டால், வரத்து 108 டன், விலை 12 ரூபாய். நான்கு ரூபாய்க்கும் பன்னிரண்டுக்கும் உள்ள தூரம், பறிப்பதா விடுவதா என்ற தூரம்.

நடப்போகிறவர் மண்டி விலையைவிட நாற்றுப் பண்ணையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்பதிவு நிரம்பி, நாற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், நாற்று விலையும் ஏறியிருக்கிறது என்றால், இரண்டு மூன்று மாதத்தில் வரப்போகும் வரத்து அந்தத் தட்டுகளில் இப்போதே நிற்கிறது. நாற்று விற்காமல் முற்றிக் கிடக்கும் வாரங்களில் நட்டவருக்கு எதிரே போட்டி குறைவு. ஒரே ஊரை மட்டும் விசாரித்தால் போதாது: கோலார், மதனப்பள்ளி வரத்தும் நம் சந்தைக்குத்தான் வருகிறது.