காட்பாடி விடுதியும் 1,600 ரூபாயும்: பவுடரா, சாப்பாடா?

*"வயது 19, எடை 62 கிலோ. காட்பாடியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். காலையில் கபடி பயிற்சி, சாயங்காலம் ஜிம். மெஸ் பணம் போக மாதம் 1,600 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். ஜிம்மில் புரோட்டீன் பவுடர் இல்லாமல் உடம்பு ஏறாது என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கலாமா, சாப்பாடே போதுமா? முட்டை சாப்பிடுவேன்."*

கடன் வாங்க வேண்டாம் தம்பி. உங்கள் கையில் இருக்கும் பணம் சாப்பாட்டுக்குப் போதும், பவுடருக்குத்தான் போதாது. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்களைப் போல ஓடியாடி எடையும் தூக்குபவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 62 கிலோவுக்கு ஏறக்குறைய 100 கிராம். இதில் மெஸ் எவ்வளவு தருகிறது? காலையில் நாலு இட்லி, சாம்பார் என்றால் 10 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், ஒரு கரண்டி தயிர் சேர்ந்து 17. ராத்திரி நாலு சப்பாத்தியும் குருமாவும் 15. டீயில் இருக்கும் பாலையும் சேர்த்தால் மொத்தம் 45 கிராம் வரும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும் நாட்களில் இன்னும் குறையும். ஆக, நீங்கள் நிரப்ப வேண்டியது சுமார் 55 கிராம்.

பாலில் இருந்து பிரித்தெடுக்கும் நல்ல வே புரதப் பவுடர் ஒரு கிலோ 2,500 ரூபாய் என்று வைப்போம். ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம், டப்பாவில் 30 கரண்டி. அப்படியானால் ஒரு கிராம் புரதத்துக்கு மூன்றரை ரூபாய் ஆகிறது. முட்டை 7 ரூபாய் என்றால் அதில் 6 கிராம் புரதம், அதாவது கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். பாலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சில்லறையில் கிலோ 130 ரூபாய்க்குக் கிடைக்கும் சோயா உருண்டையில் பாதி எடை புரதம். கிராமுக்கு 25 காசு! கடைக்குக் கடை விலை மாறினாலும் இந்த வரிசை மாறாது.

இனி 55 கிராமை நிரப்புவோம். காலைப் பயிற்சி முடிந்து இட்லியோடு மூன்று அவித்த முட்டை சாப்பிடுங்கள், 18 கிராம். மெஸ்ஸில் தராவிட்டால் பக்கத்து டீக்கடையில் சொல்லி வைத்தால் அவித்துத் தருவார்கள். மதியச் சோற்றோடு 30 கிராம் சோயா, 15 கிராம். சாயங்காலம் ஜிம் முடிந்ததும் அரை லிட்டர் பாலில் 30 கிராம் பொட்டுக்கடலை மாவைக் கலக்கிக் குடியுங்கள். இந்த ஒரு டம்ளரில் மட்டும் 22 கிராம் புரதம், செலவு 26 ரூபாய். பவுடர் ஒரு கரண்டிக்கு 83 ரூபாய் ஆகிறது, கூடக் கிடைப்பது 2 கிராம்தான். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 51 ரூபாய், மாதம் 1,530. ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் வேளைக்கு இருபது, முப்பது கிராமாகப் பிரித்தது தற்செயலாக அல்ல. உடம்பு தசைக்கு அதை அப்படித்தான் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

சோயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது இதைத்தான். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் உருண்டைகளைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மூடி 15 நிமிடம் வையுங்கள். தண்ணீரை வடித்துக் கையால் நன்றாகப் பிழியுங்கள். பச்சை வாடை போக இன்னொரு முறையும் அப்படிச் செய்யலாம். பிறகு மெஸ் சாம்பாரிலோ காரக்குழம்பிலோ போட்டுக் கொஞ்ச நேரம் ஊற விட்டால் சாப்பிடும்படி இருக்கும். முதல் நாளே 30 கிராம் போனால் வயிறு உப்பும், அறைத்தோழர்கள் வெளியே படுப்பார்கள். 10 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள்.

நம்ம பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எங்கே என்று கேட்பீர்கள். 100 கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் கூடவே 560 கலோரிக்கு மேல் வரும், பெரும்பகுதி எண்ணெய். ஒரு கைப்பிடி கொறிக்கலாம், அதையே புரதத்துக்கு நம்ப வேண்டாம். இன்னொன்று, சினிமாவில் பார்த்துப் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்காதீர்கள். அவித்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும், பச்சையில் பாதியளவுதான். கிருமி பயம் வேறு.

நாலு வாரம் இப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். வாரத்துக்கு கால் கிலோ ஏறினால் சரியான பாதை. எடை அசையவே இல்லை, ஜிம்மில் தூக்கும் அளவும் ஏறவில்லை என்றால், குறைவது பெரும்பாலும் புரதம் அல்ல, மொத்தச் சாப்பாடு. காலையும் மாலையும் ஆடுபவருக்குச் சோறு பற்றாக்குறையானால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். அப்போது இன்னொரு கரண்டி சோறும் இரண்டு வாழைப்பழமும் செய்வதைப் பவுடர் செய்யாது. எடை ஏற்றும் என்று மூன்று கிலோ டப்பாவில் மலிவாகத் தெரியும் 'மாஸ் கெய்னர்' பவுடர் பெரும்பாலும் மாவுச்சத்துதான்; மெஸ் சோற்றை டப்பாவில் அடைத்து விற்பது போல.

அப்படியானால் பவுடர் எப்போதுமே வீணா? இல்லை. போட்டிக்காக ரயிலிலும் பஸ்ஸிலும் இரண்டு நாள் அலையும்போது, முட்டையும் பாலும் கிடைக்காத இடத்தில், ஒரு கரண்டி கைகொடுக்கும். முட்டையும் சாப்பிடாத, பாலும் ஒத்துக்கொள்ளாத நண்பர்களுக்கும் தேவைப்படலாம். அவர்களுக்கு இன்னும் சுத்திகரித்த ஐசொலேட் வகை வே பவுடரோ தாவரப் புரதப் பவுடரோ நல்லது, ஏனென்றால் சாதாரண கான்சன்ட்ரேட் வகையில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிஞ்சியிருந்து வயிற்றைக் கலக்கும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பவுடரையும் தொடக்கூடாது, நான் சொன்ன அளவையும் பின்பற்றக்கூடாது.

வாங்கும் நாள் வந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள் பட்டியலில் முதலில் வே புரதம் இருக்க வேண்டும். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்த்திருந்தால் எச்சரிக்கை. ஆய்வகத்தில் புரதத்தை வழக்கமாக நைட்ரஜன் அளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இந்த மலிவு சரக்கைக் கலந்தால் நைட்ரஜன் கூடும், அட்டையில் புரத எண்ணும் கூடும், தசைக்குப் போவது மட்டும் அதிகமாகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர் ஜிப் பையில் கட்டிய வெள்ளைத் தூளைக் காட்டினார். ஜிம்மில் சில்லறையாகக் கொடுத்தார்களாம், பெயரும் இல்லை, தேதியும் இல்லை. கொட்டச் சொன்னேன். மாநில, பல்கலைக்கழக அளவில் ஆடப் போகிறவருக்கு இது விளையாட்டு அல்ல. தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவின் சோதனையில் மாட்டினால், பவுடரில் என்ன கலந்திருந்தது என்று தெரியாது என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. உடம்பில் இருப்பதற்கு ஆடுபவரே பொறுப்பு. சீல் உடையாத டப்பாவாக, ரசீதோடு வாங்குங்கள். தீர்ந்த பிறகும் அந்த சீசன் முடியும்வரை டப்பாவையும் பேட்ச் எண்ணையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.