பொங்கல் மெயிலில் அந்த ஒரு வரி

"கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். டீமில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு அவர்களுக்கு ஒரு வாழ்த்து மெயில் போட ஆசை. பொங்கல் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விளங்கப்படுத்தத்தான் வேண்டுமா?"

வேண்டும். ஆனால் ஒரே ஒரு வரியில். இரண்டாவது வரிக்குக் கை போனால் மெயிலை அனுப்பிவிட்டு எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிது என்று நினைக்கிறேன். பழையவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள், மனிதவளப் பிரிவு அனுப்புகிற வாழ்த்து அட்டையை அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கணக்குப் பக்கம். லீட்ஸ், ஒஸ்லோ, மெல்பேர்ன் மூன்று இடத்து ஆட்களோடும் தினமும் மெயிலில் பிழைப்பு நடத்துகிறவள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு தடவையை வைத்தே சொல்கிறேன். மென்பொருள், விளம்பரம் என்று வேறு துறையில் இருப்பவர்கள் "எங்களிடம் அப்படி இல்லை" என்று வரவேண்டாம், இல்லாமல் இருக்கலாம்.

முதலில் ஒன்று. எங்கள் மெயிலைத் திறக்கிற வெளிநாட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். டிசம்பர் 31இல் ஆண்டு முடிகிற கம்பனிகளுக்கு ஜனவரி முதல் பாதிதான் கழுத்தை நெரிக்கிற நேரம். ஆண்டுக் கணக்கை மூடவேண்டும், கணக்காய்வாளர் கேள்வி மேல் கேள்வி அனுப்புவார். அந்த நடுவில்தான் தை பிறக்கிறது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா லீவு வேறு. "மறுபடியும் லீவா?" என்று ஒஸ்லோவிலிருந்து ஒருவர் சிரிப்பு முகம் போட்டு எழுதுவார். சிரிப்பு முகம்தான், ஆனாலும் எனக்குக் குத்தும். அவர்கள் யூலை மாதம் முழுக்கக் காணாமல் போவதைப் பற்றி நாங்கள் யாராவது மூச்சு விட்டிருக்கிறோமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025ஐ எடுங்கள். ஜனவரி 13 திங்கட்கிழமை துருத்து போயா, 14 செவ்வாய் பொங்கல். சனி, ஞாயிறு சேர்த்தால் கொழும்புப் பக்கம் நாலு நாள் விளக்கு எரியாது. இதை வாழ்த்து மெயிலில் சொல்லப் போனால் வாழ்த்து மன்னிப்புக் கடிதமாகிவிடும். ஆகவே நான் இரண்டையும் பிரித்தேன். லீவு அறிவித்தல் ஒரு கிழமைக்கு முன்னமே தனியாகப் போனது: இந்தத் திகதிகளில் ஆள் இல்லை, அவசரம் என்றால் இன்னாருக்கு எழுதுங்கள், புதன் காலை வருவோம். அதில் எந்தப் பண்டிகைக்கும் விளக்கம் இல்லை. போயாவைப் பற்றி நான் விளக்கம் எழுதவே மாட்டேன், அது எங்கள் டீமில் இருக்கிற சிங்களத் தோழி எழுதவேண்டியது. ஒரே மெயிலில் இரண்டையும் போட்டால் படிப்பவர் பொங்கலை இரண்டு நாள் பண்டிகை என்று நினைத்துக்கொள்வார்.

வாழ்த்து மெயில் 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரைக்குப் போனது. இங்கே இரண்டரை என்றால் லீட்ஸில் காலை ஒன்பது, ஒஸ்லோவில் பத்து. மெல்பேர்னில் இரவு எட்டு, ஆகவே அவர்கள் திங்கள் காலையில்தான் பார்ப்பார்கள். அதனால்தான் "நாளை", "அடுத்த வாரம்" என்றெல்லாம் எழுதாமல் கிழமையையும் திகதியையும் எழுதவேண்டும். திகதியைப் போன வருட மெயிலிலிருந்து அப்படியே எடுக்கவும் வேண்டாம். சூரியன் மகரத்துக்குள் போகிற நேரத்தைப் பொறுத்து அது 14ஆகவும் வரும், 15ஆகவும் வரும். 2024இல் 15.

இனி அந்த வரி. மனிதவளப் பிரிவின் வாழ்த்தில் உத்தராயணம் இருந்தது, மகர ராசி இருந்தது, போகி, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் வரிசையாக இருந்தது. படம் மட்டும் தீபாவளி விளக்கு. (போன வருடம் மிஞ்சியதாக இருக்கும்.) அதில் பிழையான தகவல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் படித்து முடித்த ஒருவருக்கு நான் செவ்வாய்க்கிழமை வீட்டில் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. இன்னொரு சிக்கல், சென்னை ஆட்களோடும் வேலை செய்த வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. அங்கே பொங்கல் லீவு நாட்கணக்கில் போகும், இங்கே ஒரு நாள்தான், மாட்டுப் பொங்கலன்று நாங்கள் மேசையில் இருப்போம். போகியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை எழுதிவிட்டுப் புதன்கிழமை காலை மெயிலுக்குப் பதில் போட்டால் குழப்பம்தான்.

எங்கள் மேலாளர் வேறு ஒரு யோசனை சொன்னார்: "அமெரிக்காக்காரரின் நன்றி சொல்லும் நாள் போல என்று போடுங்களேன், உடனே பிடிபடும்." யாருக்குப் பிடிபடும்? லீட்ஸ்காரருக்கும் அது வெளிநாட்டுப் பண்டிகை, ஒஸ்லோக்காரருக்கும் வெளிநாட்டுப் பண்டிகை. தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்கி என்ன பயன்? "இந்துப் பண்டிகை" என்று மட்டும் போட்டுவிடலாமா என்றும் கேட்டார். என் பக்கத்து மேசைப் பெண் கத்தோலிக்கர். அவர்கள் கோயிலில் பொங்கல் பொங்கித்தான் பூசை நடக்கும். மெயிலில் அவளும் இருக்கிறாள், படிப்பாள்.

பெயர் தெரியாத ஒரு பண்டிகையைப் பற்றி ஒருவர் எழுதினால், படிப்பவருக்கு உண்மையில் ஒரே ஒரு சங்கடம்தான்: இதற்கு வாழ்த்துச் சொல்லலாமா, கூடாதா? பெரிய வெள்ளி போலத் துக்கமாகவும் இருக்கலாம், நோன்பாகவும் இருக்கலாம், பிழையாக எதையாவது எழுதி மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் "ஒருத்தரும் பதிலே போடவில்லை, மதிக்கவில்லை" என்று கோபப்படுவதில் பாதி இதனால்தான். ஆகவே அந்த வரி சொல்லவேண்டியது மூன்றே விஷயம்: யார், என்ன செய்கிறோம், சந்தோஷமான நாளா. ராசி, புராணம், வரலாறு எல்லாம் கேட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நான் அனுப்பியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை பொங்கல். தமிழர்களாகிய நாங்கள் புது அரிசியைப் பாலில் இட்டு, பானையை வேண்டுமென்றே பொங்கி வழியவிட்டு, விளைச்சலுக்காகச் சூரியனுக்கு நன்றி சொல்லும் மகிழ்ச்சியான நாள் அது. புதன் காலை சந்திப்போம். உங்கள் எல்லோருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்."

இவ்வளவுதான். "வேண்டுமென்றே" என்பதை எடுத்துவிடாதீர்கள், மெயிலே அதில்தான் நிற்கிறது. பால் பொங்கி வழிவது உலகத்தில் எல்லாச் சமையலறையிலும் விபத்து. அதை ஒரு கூட்டம் காத்திருந்து கொண்டாடுகிறது என்றவுடன் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். லீட்ஸிலிருந்து உடனே பதில் வந்தது: "அப்போ அடுப்பைத் துடைப்பது யார்?" வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பால்கனியில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்ட நிர்வாகம் விடாது, காஸ் அடுப்பில்தான் பொங்கல், துடைப்பது நான்தான் என்று எழுதினேன். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டு முற்றத்தில் என்றால் துடைக்கவேண்டியதில்லை, பொங்கும்போது சீனவெடி கொளுத்துவோம் என்றும் சேர்த்தேன். அதிலிருந்து கேள்விகள் தொடங்கின. என்ன போடுவீர்கள்? பச்சை அரிசி, வறுத்த பயறு, பால், சர்க்கரை, கஜு, பிளம்ஸ். மெல்பேர்ன்காரர் எங்கள் வீட்டுச் சர்க்கரைப் புக்கையின் படம் கேட்டார். நாலு வரி மெயில் வாசித்தவர்கள் தாங்களாகவே மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் வாழ்த்தை முழுதாக எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாதவர் அதைப் பார்த்து அப்படியே திருப்பி எழுதலாம். அரச நாட்காட்டியில் இருப்பதுபோலத் தையையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதினால் தாய்லாந்துப் பண்டிகை என்று வாசிப்பவர்கள் வருவார்கள். வெறும் பொங்கல் என்று போடுங்கள்.

"பண்பாட்டை இப்படி ஒரு வரிக்குச் சுருக்கி வெள்ளைக்காரனுக்குப் பரிமாறுவதா?" என்று கீழே யாராவது வந்து கேட்பார்கள், எனக்குத் தெரியும். ஐயா, நான் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை, வேலைத்தள மெயில் எழுதுகிறேன். அவர்களும் நத்தாருக்கு வாழ்த்து அனுப்பும்போது பெத்லகேம் கதையைச் சேர்த்து அனுப்புவதில்லை.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. பொங்கலுக்காவது வர்த்தக விடுமுறை உண்டு, கம்பனி பூட்டியிருக்கும், வாழ்த்தை நிம்மதியாக எழுதலாம். தீபாவளி அரச கந்தோருக்கும் வங்கிக்கும் மட்டும்தான் லீவு. எங்களைப் போன்ற தனியார் கம்பனிக்காரர் சொந்த லீவில் ஒரு நாளைக் கழிக்கவேண்டும், அதையும் கெஞ்சிக் கேட்கவேண்டும். ஒரு வருடம் லீவு கேட்டபோது, "உங்களுக்குத்தான் ஜனவரியில் ஒன்று இருக்கிறதே" என்றார் ஒருவர். வெளிநாட்டுக்காரர் இல்லை, இங்கேயே பக்கத்து மேசையில் இருந்தவர். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் விளங்கப்படுத்தலாம், இவருக்கு எத்தனை வரி எழுதுவது?

நீங்கள் மெயிலை எழுதி முடித்ததும், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் அனுப்பாமல் கொழும்பு ஆட்களையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்களை விட்டுவிட்டால் அதுவே ஒரு கதையாகிவிடும். இவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, புதன்கிழமை புக்கை கொண்டு வருகிறேன் என்று மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.