ரெம்ப்ராண்டின் கைகள் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் முதுமையில் தன்னையே வரைந்துகொண்ட ஓவியங்களைப் புத்தகத்தில் பார்க்கும்போதெல்லாம் மனம் கலங்கிவிடுகிறது. ஒரு மனிதர் தன்னை இவ்வளவு திறந்து காட்ட முடியுமா என்று நினைப்பேன். நுண்கலை படிக்கும் என் மகளோ, “அதெல்லாம் விற்பனைக்கு வரைந்ததும்மா, அந்தக் காலத்தில் யாரும் மனதைத் திறந்து காட்ட வரையவில்லை” என்கிறாள். நான் அந்த முகத்தில் பார்ப்பது என் கற்பனைதானா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி சரி. ரெம்ப்ராண்டின் காலத்து டச்சு மொழியில் ‘தன்னுருவ ஓவியம்’ என்பதற்குத் தனிச் சொல்லே கிடையாது. ‘ரெம்ப்ராண்டின் உருவம், அவரே வரைந்தது’ என்றுதான் குறிப்பார்கள். அப்படி ஒன்றை வாங்கியவருக்குப் புகழ்பெற்ற ஒருவரின் முகமும், அவருடைய கைவேலையும் ஒரே சட்டகத்தில் கிடைத்தன. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த லியோபோல்டோ மெடிசி ஓவியர்களின் தன்னுருவங்களையே தேடிச் சேர்த்தார். அவருடைய அண்ணன் மகன் கோசிமோ 1667 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தபோது ரெம்ப்ராண்டின் வீட்டுக்கே போனார். ஏறக்குறைய நாற்பது தன்னுருவ ஓவியங்களும் முப்பதுக்கு மேற்பட்ட செப்புத்தகட்டு அச்சுகளும் உருவானதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

ஆனால் விற்பனைக்கு வரைந்தது என்பதால் அதில் ஓவியர் இல்லை என்று ஆகிவிடாது. எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. முகத்தில் தேடினால் நம் மனநிலையை அதன்மேல் ஏற்றிவிடுவோம். நான் கைகளைப் பார்ப்பேன்.

தன்னுருவம் வரைகிறவருக்குக் கைதான் பெரிய சிக்கல். முகம் கண்ணாடியில் அசையாமல் இருக்கும். வரைகிற கை அசைந்துகொண்டே இருக்கும். அதோடு கண்ணாடி இடம் வலத்தை மாற்றிவிடுகிறது. வலக்கைக்காரர் பார்த்ததை அப்படியே வரைந்தால் படத்தில் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். ஓவியர் வான்கா அறுத்துக்கொண்டது இடது காது. 1889-இல் கட்டுடன் தன்னை வரைந்தபோது கட்டு வலப்பக்கத்துக்குப் போய்விட்டதற்கு இதுதான் காரணம். செப்புத்தகட்டு அச்சில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடியில் தெரிவதைத் தகட்டில் கீறுகிறோம், தாளில் அச்சிடும்போது அது இன்னொரு முறை திரும்பி, மற்றவர்கள் பார்க்கும் உருவமே வந்துவிடும்.

கையில் இன்னொரு சிக்கலும் உண்டு, அது சமூகத்தோடு தொடர்புடையது. தூரிகை பிடித்த கை என்றால் உழைத்துப் பிழைக்கும் கை. ஸ்பெயினில் வெலாஸ்கஸ் 1656-இல் அரச குடும்பத்தோடு தன்னையும் சேர்த்து ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். அதில் தூரிகையும் வண்ணத்தட்டுமாக நிற்கிறார். அவர் மார்பில் உள்ள சிவப்புச் சிலுவை சாந்தியாகோ பிரபுக்கள் குழுவின் சின்னம். அதில் அவர் சேர்க்கப்பட்டதே 1659-இல்தான். சிலுவை பிறகு ஓவியத்தில் சேர்க்கப்பட்டது. கைத்தொழிலால் பிழைக்கிறவருக்கு அந்தக் குழுவில் இடமில்லை என்பதால், அவர் காசுக்கு ஓவியம் வரைந்ததே இல்லை என்று சாட்சிகள் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ரெம்ப்ராண்டைப் பாருங்கள். 1639-இல் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீட்டை, பெரும்பகுதி கடனாக, வாங்குகிறார். மறு ஆண்டு, 34 வயதில், தன்னை வரைகிறார். நூறு வருடத்துக்கு முந்தைய பாணியில் விலையுயர்ந்த உடை, ஒரு கட்டைச் சுவரில் சாய்த்த முழங்கை. இத்தாலிய ஓவியர்கள் ரஃபேலும் டிஷனும் வரைந்த கனவான்களின் தோரணை அது. ரஃபேல் வரைந்த, காஸ்டிலியோனே என்ற கனவானின் படம் 1639-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது அதை விரைவாகக் கோட்டோவியமாக எடுத்து, விலை 3,500 கில்டர் என்றும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டவர் அவர். அந்தத் தன்னுருவத்தில் தூரிகை கிடையாது.

1656-இல் கடனைக் கட்ட முடியாமல் போகிறது. நீதிமன்ற ஆட்கள் அவருடைய பொருள்களை 363 வரிகளில் பட்டியலிட்டார்கள். வீடும் போகிறது. அந்தச் சரிவின் நடுவே, 1658-இல், மஞ்சள் பொன்னிற அங்கி அணிந்து, கையில் கோல் ஏந்தி, அரசனைப்போல் உட்கார்ந்திருக்கும் ஓவியத்தை வரைகிறார். அது இப்போது நியூயார்க்கில் ஃப்ரிக் காட்சியகத்தில் இருக்கிறது. இங்கேயும் தூரிகை இல்லை. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த வருடம் அவர் வாழ்ந்த வாழ்க்கை இதில் இல்லை என்பது உண்மை.

ஏறக்குறைய 1665-இல் வரைந்த ஓவியம் லண்டனில் கென்வுட் மாளிகையில் இருக்கிறது. பின்சுவரில் இரண்டு பெரிய வட்டங்களின் பகுதிகள் தெரியும். இதில் அவர் வேலை செய்யும் ஓவியராகவே நிற்கிறார்: வெள்ளைத் தொப்பி, வண்ணத்தட்டு, தூரிகைகள், கையைத் தாங்கிக்கொள்ளும் கோல். எக்ஸ்ரேயில் அடியில் வேறொரு நிலை தெரிகிறது. முதலில் கண்ணாடியில் கண்டபடியே, இடக்கையால் ஓவியத் துணியில் தீட்டுவதுபோல் வரைந்திருக்கிறார். அப்புறம் அதை அழித்து, கருவிகளை இடக்கைக்கு மாற்றி, உடலை நம் பக்கம் திருப்பியிருக்கிறார். அந்தக் கையை நெருங்கிப் பார்த்தால் விரல்களே இல்லை, சில முரட்டுத் தீற்றல்கள் மட்டும்தான். முகத்துக்கு எடுத்துக்கொண்ட பொறுமையில் ஒரு துளிகூடக் கைக்குத் தரவில்லை. முடிக்காமல் விட்டதா, வேண்டுமென்றே செய்ததா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வேண்டுமென்றே என்பதுதான் என் கருத்து. வேலை செய்யும் கை நம் கண்ணுக்கு அப்படித்தான் கலங்கலாகத் தெரியும்.

கடைசியாக 1669. துணைவி ஹென்ட்ரிக்யே இறந்து ஆறு வருடம், மகன் டைட்டஸ் இறந்து ஒரு வருடம். 63 வயதில் வரைந்த அந்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நீங்கள் கலங்கியது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் இருக்கும். கைகள் ஒன்றையொன்று பற்றி மடியருகே அமைதியாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் அந்தக் கைகள் விரிந்திருக்கின்றன, ஒன்றில் தூரிகை இருக்கிறது. வரைந்துவிட்டு மூடியிருக்கிறார்.

இனி வரைய வேண்டாம் என்று சலித்துத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்று இதை வாசிக்கத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் அதே எக்ஸ்ரேயில் தலைத்தொப்பியும் முதலில் இன்னும் பெரிதாக, வெள்ளையாக இருந்தது தெரிகிறது. அதையும் சுருக்கி நிறம் தணித்திருக்கிறார். விரிந்த கைகளும் வெள்ளைத் தொப்பியும் பார்வையை இழுத்துக்கொள்ளும். இரண்டையும் அடக்கிவிட்டால் முகம் மட்டும் மிஞ்சும். அந்த முகத்தில்தான் சாயத்தை அடுக்கடுக்காகக் கெட்டியாகப் பூசி, தளர்ந்த கன்னத்தையும் கண்ணுக்குக் கீழுள்ள பையையும் உருவாக்கியிருக்கிறார். விற்பனைக்கு என்றால் அந்தத் தளர்ச்சியைக் கொஞ்சம் மறைத்திருக்கலாம், மறைத்தது தூரிகையை.

ஆகவே நீங்கள் பார்த்தது கற்பனை இல்லை. அவர் எதைத் தணித்து எதைக் காட்டுவது என்று எடுத்த முடிவுகளின் வழியாகத்தான் அந்த முகம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1640 ஓவியமும் 1669 ஓவியமும் ஒரே காட்சியகத்தில்தான் இருக்கின்றன. உடல் திரும்பியிருக்கும் நிலைகூட இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளோடு பாருங்கள். முகத்துக்கு முன் கைகளிலிருந்து தொடங்குங்கள்.