சம்பளம் அப்படியேதான் இருக்கிறது, பதவிப் பெயர்தான் மாறுகிறது: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாகத் தர ஆய்வு டெக்னீஷியனாக இருக்கிறான். போன வாரம் "ஷிப்ட் சூப்பர்வைசர்" என்று ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட மாற்றமில்லை. "இது பிரமோஷன் மாதிரிதான், நாளைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்கிறாராம் ஹெச்.ஆர். அவன் தயங்குகிறான். நல்லதைத்தானே கொடுக்கிறார்கள், ஏன் தயங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

பதில்: அம்மா, உங்கள் மகனின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சம்பளம் மாறவில்லை என்பதாலேயே எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் ஒரு பகுதி மட்டும்தான். என்ன வேலை, யாருக்குக் கீழே, எந்த நேரத்தில், எந்தத் தகுதியில் என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தை மாற்றவும் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 62-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். கம்பெனிக்கு அந்தக் கையெழுத்து ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். உங்கள் மகனின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற படிகளோடு கையில் வருவது அதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். 26 வேலைநாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய் வருகிறது. ஓ.டி. பார்த்தால் அதற்கு இரட்டிப்பு, அதாவது மணிக்கு 200. மாதம் 20 மணி நேரம் ஓ.டி. செய்கிறவனுக்கு 4,000 ரூபாய், வருடத்துக்கு 48,000. "சம்பளத்தில் மாற்றமில்லை" என்ற வரியில் இந்த 48,000 அடங்காது. ஓ.டி. சம்பளத்தின் பகுதியல்ல, கூடுதல் நேரத்துக்கான கூலி. பாதுகாப்பு மற்றும் வேலைச் சூழல் பற்றிய சட்டத் தொகுப்பு அதை "தொழிலாளி" என்ற வரையறைக்குள் இருப்பவருக்குத்தான் உரிமையாகக் கொடுக்கிறது.

இங்கேதான் பதவிப் பெயர் உள்ளே வருகிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் கூலி வாங்குகிறவர் தொழிலாளி அல்ல. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் இதே எல்லை 10,000 ரூபாயாக இருந்தது. பாதுகாப்பு மற்றும் வேலைச் சூழல் பற்றிய தொகுப்பிலும் இதே மாதிரிதான். டெக்னீஷியனுக்கு இந்த எல்லை பொருந்தாது. தொழில்நுட்ப வேலை செய்கிறவர் எவ்வளவு வாங்கினாலும் தொழிலாளிதான். ஆக, 20,800 வாங்கும் டெக்னீஷியன் உள்ளே இருக்கிறார். அதே 20,800 வாங்கும் சூப்பர்வைசர் வெளியே போய்விடுகிறார். ஓ.டி. மட்டுமல்ல. ஆட்குறைப்பு வந்தால் கிடைக்க வேண்டிய நோட்டீஸ், வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி, தகராறு என்றால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி, இவையெல்லாம் அந்த ஒரு சொல்லோடு தொங்குகின்றன.

பெயர் மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது என்பதும் உண்மை. நீதிமன்றங்கள் பதவிப் பெயரை விட்டுவிட்டு, ஒருவர் முக்கியமாகச் செய்யும் வேலை எது என்றுதான் பார்க்கின்றன. ஒரு காலணி நிறுவனத்தின் கடை மேலாளர் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. அவர் எழுத்தர் வேலையும் சேர்த்துத்தான் பார்த்தார். ஆனாலும் முக்கிய வேலை நிர்வாகம் என்பதால் தொழிலாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. உங்கள் மகன் பெயருக்கு சூப்பர்வைசராகி, நாள் முழுக்க முன்பு போலவே வெர்னியரும் கேஜும் வைத்து அளந்துகொண்டிருந்தால் அவர் தொழிலாளியாகவே இருப்பார். ஆனால் அப்படி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. அன்றைக்கு எதிர்த்தரப்பு மேசையில் வைக்கும் முதல் தாள், அவரே கையெழுத்திட்ட இந்தக் கடிதமாகத்தான் இருக்கும்.

ஆகவே, கடிதத்தை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். தலைப்பைவிட உள்ளே வரும் பணிப்பட்டியல்தான் முக்கியம். "வேலை பிரித்துக் கொடுத்தல், லீவு பரிந்துரைத்தல், ஊழியர்மீது அறிக்கை எழுதுதல்" என்று இருந்தால் அது உண்மையான மேற்பார்வை வேலை. "மேலதிகாரி அவ்வப்போது சொல்லும் பிற பணிகள்" என்ற ஒரே வரி மட்டும் இருந்தால், வேலை என்ன என்று கம்பெனியே இன்னும் தீர்மானிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, "முந்தைய நியமன ஆணைக்குப் பதிலாக இது செல்லும்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். "மற்ற நிபந்தனைகள் மாற்றமின்றித் தொடரும்" என்பது ஊழியருக்குச் சாதகமான வரி. முதலில் சொன்ன வாசகமோ பழைய ஆணையையே துடைத்துவிடும். அதோடு சேர்ந்து நோட்டீஸ் காலம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகியிருக்கலாம். சில கடிதங்களில் "புதிய பணியில் ஆறு மாத ப்ரொபேஷன்" என்று ஒரு வரி ஓரமாக இருக்கும். மூன்று ஆண்டு வேலை பார்த்து நிரந்தரமானவரை அந்த ஒரு வரி மறுபடியும் தகுதிகாண் பருவத்துக்குத் தள்ளிவிடும். என் கணிப்பில், ஓ.டி.யை விடவும் ஆபத்தானது இந்த வரிதான்.

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே நிர்வாகம் எந்த வேலைக்கும் மாற்றலாம் என்று போட்டிருக்கிறதே" என்று ஹெச்.ஆர். சொல்லலாம். பெரும்பாலான ஆர்டர்களில் அது இருக்கும். அந்த வரியை வைத்து அதே நிலையில், அதே தன்மையுள்ள இன்னொரு வேலைக்கு மாற்ற முடியும். தர ஆய்வில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு அனுப்பினால் தனியாகச் சம்மதம் கேட்கத் தேவையில்லை. ஒருவரின் சட்ட அந்தஸ்தையே மாற்றும் அளவுக்கு அந்த வரி நீளுமா என்பது வேறு கேள்வி. அது நீளும் என்று கம்பெனிக்கே முழு நம்பிக்கை இருந்தால், "ஏற்றுக்கொள்கிறேன்" என்ற இடத்தில் கையெழுத்து கேட்டிருக்க மாட்டார்கள். உத்தரவு போட்டு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு, அதற்கு ஒரு எல்லையும் உண்டு. வேலை நேரம், ஷிப்ட், விடுப்பு, கிரேடு வகைப்பாடு போன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ள விஷயங்களைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதென்றால், 40-ஆம் பிரிவின்படி நிர்வாகம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். வெறும் பதவிப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மகனின் கடிதம் கிரேடையும் மாற்றுகிறதா, நிரந்தர இரவு ஷிப்ட்டைக் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் 21 நாள் விதி வரும், "நாளைக்குள்" என்ற அவசரம் செல்லாது.

இப்போது அவர் செய்ய வேண்டியது என்ன? கடிதத்தை வாங்க மறுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டு, நகலில் "நகல் மட்டும் பெற்றுக்கொண்டேன், ஒப்புதல் பின்னர்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும். பெற்றதற்கான கையெழுத்தும் ஏற்றதற்கான கையெழுத்தும் வேறு வேறு. ஹெச்.ஆர். போர்ட்டலில் "ஏற்கிறேன்" என்ற பொத்தான் மட்டுமே இருந்தால் அதை அமுக்காமல், திரையைப் படமெடுத்துக்கொண்டு மெயிலில் எழுதட்டும். கம்பெனி மெயில் கணக்கு ஒருநாள் மூடப்படும். ஆகவே, தன் பெயரில் வந்த கடிதம், தான் அனுப்பிய பதில் இந்த இரண்டின் நகலையும் வெளியே வைத்திருக்க வேண்டும். மற்ற எந்தக் கோப்பையும் தொடக் கூடாது, அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

மெயில் இவ்வளவு இருந்தால் போதும்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. புதிய பணிப்பட்டியல், கூடுதல் நேரக் கூலி, நோட்டீஸ் காலம், ப்ரொபேஷன் ஆகியவை பற்றி எழுத்துபூர்வமான விளக்கம் வேண்டுகிறேன். விளக்கம் வரும்வரை நிர்வாகம் கொடுக்கும் வேலையை, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், செய்து வருவேன். இதை ஒப்புதலாகக் கருத வேண்டாம்."

கடைசி இரண்டு வரிகளும் அவசியம். எதுவும் எழுதாமல் புதிய வேலையை ஆறேழு மாதம் செய்துகொண்டே போனால், நடத்தையாலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. மறுபக்கம், கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருந்தாலோ, "செய்ய மாட்டேன்" என்று லைனில் நின்று சொன்னாலோ பேச்சு பதவிப் பெயரிலிருந்து ஒழுங்கு நடவடிக்கைக்குத் திரும்பிவிடும். உயிருக்கு ஆபத்தான வேலையோ சட்டவிரோதமான வேலையோ இல்லாதவரை, வேலையைச் செய்துகொண்டே ஆட்சேபம் சொல்வதுதான் பாதுகாப்பான வழி. முதல் வாரத்துக்குள் மெயில் போக வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மெயிலின் தொடர்ச்சியாக நினைவூட்டல் அனுப்பட்டும்.

பதில் வராமலே போனால்? 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அங்கே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேலே போவதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். வேலைநீக்கம் என்றால் தனி ஆளாகத் தகராறு எழுப்ப முடியும். வெறும் பதவி மாற்றத்துக்கு அப்படி முடியாது. தொழிற்சங்கமோ சக தொழிலாளர்களில் கணிசமானவர்களோ அதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டால்தான் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் அது தொழில் தகராறாக நிற்கும். எனவே, இதே கடிதம் வேறு எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். ஐந்தாறு டெக்னீஷியன்களுக்கு ஒரே நாளில் வந்திருந்தால் அது தனி ஒருவனுக்குக் கிடைத்த பிரமோஷன் இல்லை.

இதெல்லாம் படித்துவிட்டு வேண்டாம் என்றே சொல்லிவிடச் சொல்லாதீர்கள். டிப்ளமோ படித்தவருக்கு 24, 25 வயதில் பத்துப் பேரை வைத்து ஷிப்ட் ஓட்டிய அனுபவம் அடுத்த வேலையில் நல்ல மதிப்புப் பெறும். அதே நேரம், தர ஆய்வில் அவர் மூன்று ஆண்டு சேர்த்த கைப்பழக்கம் இரண்டு ஆண்டு விட்டால் மங்கும். உதிரிபாகங்களின் அளவைத் துல்லியமாக எடுக்கும் சி.எம்.எம். கருவியில் புரோகிராம் போடுகிறவராக வர ஆசைப்பட்டிருந்தால் இந்த மாற்றம் அவரை வேறு பாதையில் கொண்டுபோகும். இரண்டில் எது வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ ஹெச்.ஆரோ அல்ல.

அவர் சூப்பர்வைசர் வேலையை விரும்பினால், கையெழுத்துக்கு முன்பே சில வரிகளைக் கடிதத்தில் சேர்க்கக் கேட்கட்டும். நோட்டீஸ் காலம் பழையபடியே தொடரும், ப்ரொபேஷன் இல்லை, மூன்று மாதம் முடிந்ததும் ஒத்துவராவிட்டால் பழைய வேலைக்குத் திரும்பலாம், சம்பள மறுஆய்வு இன்ன தேதியில். ஓ.டி. நின்றுபோவதென்றால் அதற்கு ஈடாக ஒரு நிலையான மேற்பார்வைப் படி. மேலே போட்ட கணக்கின்படி மாதம் 4,000-இலிருந்து அவர் பேச்சைத் தொடங்கலாம். "அதெல்லாம் வாய்மொழியா பாத்துக்கலாம்பா" என்று பதில் வந்தால், அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி அதையே மெயிலாக அனுப்பிவிடட்டும். பிறகு கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கலாம்.